பெயர் மட்டும் எழுதியவர்

இந்த நாட்டில் அலுவலகத்தை விட்டு ஒருவர் போகிறார் என்றால், அவருக்குத் தெரியாமல் ஒரு பழுப்பு உறை மேசை மேசையாகச் சுற்றத் தொடங்கும். உள்ளே ஒரு வாழ்த்து அட்டை இருக்கும். 'கார்த்' என்பார்கள். போகிறவர் அறைக்குள் நுழைந்தால் உறை சட்டென்று கோப்புகளுக்கு அடியில் போய்விடும். அவர் வெளியே போனதும் மீண்டும் மேலே வரும். காப்பிக் கோப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே நாலு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். யாரும் யோசிப்பதில்லை. அந்த உறை திங்கட்கிழமை என்னிடம் வந்தது. வியாழக்கிழமை ஆகியும் என் இழுப்பறையில்தான் இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவி இரண்டு முறை வந்து, "தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொலைக்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "இன்னுமா? என்ன நாவலா எழுதுகிறாய்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

நான் வேலை செய்வது பாரிசுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தின் நகராட்சி அலுவலகத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுச் சீட்டுகளைக் கவனிக்கும் பிரிவில். போகப்போகிறவள் மொனிக். எனக்கு எதிர் மேசை. மேற்கே பிரெத்தாஞ் பக்கத்தில் கடலோர ஊரில் தனியாக இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்ள மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, வெப்பக் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். முதல் குளிர்காலத்தில் என் கையுறை கிழிந்திருப்பதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மறுநாள் ஒரு ஜோடி பின்னிக்கொண்டு வந்தவள் அவள். நான் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தபோது அதை ஜாம் மாதிரி ரொட்டியில் தடவித் தின்று, கண்ணில் தண்ணீர் வழிய 'அற்புதம்' என்று பொய் சொன்னவளும் அவள்தான். அட்டையில் எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் 'அன்பான சக ஊழியருக்கு' என்றும் 'நம் நல்ல மொனிக்குக்கு' என்றும் எழுதியிருந்தார்கள். நான் எந்தச் சொல்லைப் போடுவது? பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக நாலு நாள் ஓடிவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும் என்று நினைக்கிறேன், குறிப்பாக நம் காரைக்காலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு. பிரிவு அட்டையில் வாசகம் எழுதுவது நமக்கு விளையாட்டான காரியமா என்ன?

எழுபதுகளின் நடுவில் நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எங்கள் வீட்டுக்கு 'சொல்தா வீடு' என்றுதான் பெயர். அண்ணன் ஏற்கெனவே பிரான்சுக்குப் போய் அந்த ஊர் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். எங்களுக்கும் காகிதங்கள் வந்துவிட்டன. பரீட்சை முடிந்த கையோடு கிளம்புவது என்று முடிவாயிற்று. வகுப்பில் விஷயம் தெரிந்ததும், எல்லோரும் சேர்ந்து எனக்கு ஓர் அட்டை கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். கடைத்தெருவில் விற்ற அட்டைகளில் ரோஜாப்பூவும் ஆங்கிலப் பாட்டும் அச்சடித்திருந்ததே தவிர எழுத இடமில்லை. அதனால் ஒரு பெரிய சார்ட் தாளை வாங்கி, இரண்டாக மடித்து, மேலட்டையில் நூருன்னிசா ஒரு கப்பல் வரைந்தாள். நான் விமானத்தில்தானே போகப்போகிறேன் என்றதற்கு, விமானம் வரையத் தனக்கு வராது என்றாள். நூருன்னிசா என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

அட்டைக்கு எழுதாத சட்டங்கள் பல இருந்தன. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் பையன்கள். முதலில் பென்சிலால் எழுத வேண்டும். தமிழய்யா பார்த்துத் தலையாட்டிய பிறகே பேனாவால் அதன்மேல் எழுதலாம், ஏனென்றால் அட்டை வீட்டுக்குப் போகும், வீட்டில் படிப்பார்கள். ஒவ்வொருவரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே, போகிறவளை என்னவென்று அழைக்கிறோம் என்பது. கீழே 'இப்படிக்கு' என்று போட்டு, நாம் அவளுக்கு யார் என்பது. நடுவில் எழுதும் 'மறவாதே', 'வாழ்க வளமுடன்' எல்லாம் யாரும் படிக்காத பகுதி. மேல் சொல்லையும் கீழ்ச் சொல்லையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

பெண்களுக்குள் 'தோழி' என்பது பொதுவான சொல். வாயால் யாரும் யாரையும் தோழி என்று கூப்பிட்டதில்லை, அது எழுதுவதற்கு மட்டுமே உள்ள சொல். பேச்சில் 'சிநேகிதி', அதுவும் வீட்டில் பெரியவர்கள் கேட்கும்போது: "யாருடி அது, உன் சிநேகிதியா?" அட்டையில் சிநேகிதி என்று போட்டால் கொஞ்சம் வயதான தோரணை வந்துவிடும். பத்திரிகைத் தொடர்கதை படிக்கிற ஒருத்தி 'நண்பி' என்று எழுதினாள், அது தமிழய்யாவுக்குப் பிடிக்காத சொல், முகத்தைச் சுளித்துக்கொண்டே விட்டுவிட்டார். இவற்றுக்கு முன்னால் வரும் அடைமொழியில்தான் உண்மையான போட்டி. 'அன்பு' எல்லோருக்கும் கொடுப்பது. 'இனிய' என்றால் கொஞ்சம் நெருக்கம். 'உயிர்த்தோழி' என்பதை ஒருத்திதான் போடலாம், அது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. என் அட்டையில் இரண்டு பேர் உயிர்த்தோழி என்று பென்சிலால் எழுதிவிட்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு பேரு உயிர்த்தோழின்னு போட்டா இவளுக்கு இருக்கற ஒரு உசிரு எப்படிடி பத்தும்? ஒருத்தி அழிங்க" என்றாள் நூருன்னிசா. ஒருத்தி அழித்துவிட்டு, கோபத்தில் 'அன்புத் தோழி' என்று தரையிறங்கினாள்.

நூருன்னிசா தன் பங்குக்கு 'என் கூட்டாளிக்கு' என்று எழுதினாள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. எங்களுக்குக் கூட்டாளி என்றால் செய்தித்தாளில் திருடனோடு சேர்ந்து பிடிபடுகிறவன். அவள் வீட்டிலோ அதுதான் நட்புக்கு அன்றாடச் சொல். "எங்க வீட்ல எங்கம்மாவோட கூட்டாளி வந்தா பிரியாணி ஆக்குவாங்க. உங்க வீட்ல தோழி வந்தா என்னடி ஆக்குவீங்க?" என்று கேட்டாள். கூட்டாளி அப்படியே மையேறி நின்றது.

துணை என்ற சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை. கடிதத் தலைப்பில் 'முருகன் துணை' என்று போடுவார்கள், எங்கள் வீட்டில் 'மாதா துணை'. இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் வாழ்க்கைத் துணை. மேலே இருப்பவருக்கும் கட்டிக்கொள்கிறவருக்கும் மட்டும் ஒதுக்கிய சொல் அது. நடுவில் கூடவே நடந்து வருகிற மற்ற மனிதர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

வலப்பக்கம் இவ்வளவு குழப்பமே இல்லை. பையன்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டால் நண்பா, நண்பன். பேச்சில் 'மாப்ள', 'மச்சான்'. ஆனால் ஒரு பெண்ணின் அட்டையில் எழுதுவதென்றால் ஒரே ஒரு சொல்தான்: சகோதரி. பிடித்தவளோ பிடிக்காதவளோ, பேசியவளோ பேசாதவளோ, எல்லோரும் சகோதரி. இன்னும் பத்திரம் தேடுகிறவர்கள் 'உடன்பிறவாச் சகோதரி' என்பார்கள். ஒரு பையன் 'தோழி' என்று எழுதினால் கதை வேறு. அந்த அட்டை வீட்டுக்குப் போகாது, தலைமையாசிரியரின் அறைக்குப் போகும். என் அட்டையின் வலப்பக்கம் முழுக்க அண்ணன் தம்பிகளால் நிரம்பியது. அவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கலியமூர்த்தி மட்டும் பேசியவர். 'அவர்' என்று எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். எங்கள் வகுப்பில் பையனும் பெண்ணும் பேசிக்கொள்ள நேர்ந்தால் வாங்க, போங்கதான். பதினாறு வயதில் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை. கலியமூர்த்தி திருமலைராயன்பட்டினம் பக்கத்து விவசாயக் குடும்பம். சைக்கிளில் வருவார். வகுப்பில் நாங்கள் 'கழிமுகம்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அவர் ஆசிரியர், கையெழுத்து நன்றாக இருந்த காரணத்தால் நான் துணையாசிரியை. பெண்கள் பெஞ்சுக்கும் பையன்கள் பெஞ்சுக்கும் நடுவே தமிழய்யாவின் மேசை. அந்த மேசையின் இரு பக்கமும் நின்றுகொண்டு இரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். எல்லாம் சொற்களைப் பற்றிய சண்டை.

முதல் இதழின் தலையங்கத்தில் படிக்கிறவர்களை எப்படி விளிப்பது என்று ஒரு வாரம் இழுத்தது. 'தோழர்களே' என்று நான் எழுதியிருந்தேன்.

"தோழர்களேன்னா செவப்புத் துண்டு போட்டுக்கிட்டு மேடையில நிக்கற மாதிரி இருக்குங்க. எங்க ஊர்ல தோழருன்னா கட்சிக்காரருதான்" என்றார்.

"அப்ப சிநேகிதர்களேன்னு போடலாமா?"

"அது கல்யாணத்துக்குக் கூப்புடற மாதிரி இருக்கு. நண்பர்களேன்னு போடுங்க. நண்பருன்னா ஆம்பளையும் வருவாங்க, பொம்பளையும் வருவாங்க. யாரும் விட்டுப்போக மாட்டாங்க."

அப்படித்தான் நண்பர் என்பது எங்கள் பத்திரிகையின் சொல் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த எந்த இதழிலும் அதை நாங்கள் மாற்றவில்லை. அட்டை வலப்பக்கம் போனபோது நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஒளிப்பானேன், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். மற்றவர்கள் என்ன எழுதினாலும் எனக்குப் பொருட்டில்லை. இந்த மனிதரோடு எனக்கு இருந்தது காதலில்லை. அண்ணன் தங்கைப் பாசமும் இல்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை ஒருவராவது மையால் எழுதிக் கொடுத்தால் கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருந்தது.

அவர் எழுதினார். 'நண்பர் பிலோமினாவுக்கு' என்று பென்சிலில், குண்டு குண்டாக. தமிழய்யா அட்டையை மேசைமேல் விரித்து விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார். வகுப்பில் எல்லோரும் இருந்தோம்.

"ஏம்ப்பா, இது மட்டும் ஏன் தனியா நிக்குது? எல்லாரும் போல சகோதரின்னு போட்டுடேன்."

"நண்பருங்கறதுல தப்பு இருக்குங்களா அய்யா?"

"தமிழ்ல தப்பு இல்ல. அவங்க வீட்ல படிப்பாங்கல்ல. ஊரை விட்டுப் போற பொம்பளப்புள்ள."

கலியமூர்த்தி பென்சிலை மேசைமேல் வைத்தார். பிறகு, "எனக்கு வீட்ல மூணு தங்கச்சிங்க இருக்காங்கய்யா. அவங்களுக்கு நான் சீர் செய்யணும், தீவாளிக்குத் துணி எடுக்கணும், கட்டிக் குடுக்கற வரைக்கும் பாத்துக்கணும். சகோதரின்னு எழுதிட்டா இவங்களுக்கும் செய்யணும்ங்களே. செய்ய முடியாததை எப்படிங்க எழுதறது?" என்றார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தமிழய்யாவும் சிரித்துவிட்டார். "சரி, அப்படின்னா வெறும் பேரைப் போட்டுட்டுப் போ" என்றார். அவர் நல்ல மனுஷர், வம்பு வளர்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான். கலியமூர்த்தி ரப்பரை வாங்கி 'நண்பர்' என்பதை அழித்தார். என் பெயரையும் அழித்தார். 'இப்படிக்கு' என்பதும் போயிற்று. 'கலியமூர்த்தி' என்று மட்டும் மையால் எழுதி, ஊதிக் காயவைத்து, அட்டையை என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றிலும் அத்தனை சகோதரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, நடுவில் அந்தப் பெயர் மட்டும் முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் நின்றது.

வீட்டில் அப்பா அட்டையைப் படித்தார். சிப்பாய் அல்லவா, அணிவகுப்பைப் பார்வையிடுவது மாதிரி ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்தப் பையன் மட்டும் ஏன் வெறும் பேரு?" என்று கேட்டார். இடம் பத்தலப்பா என்றேன். அந்தப் பெயரைச் சுற்றி இரண்டு வரி எழுதும் அளவுக்கு இடம் இருந்தது. அப்பா அந்த வெள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டார்.

பிரான்சுக்கு வந்த பிறகு கலியமூர்த்திக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அட்டை எவ்வளவு பெரிய வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது என்று தெரிந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கி என்ன போடுவது என்ற கேள்வியே இல்லை. 'கலியமூர்த்திக்கு' என்று ஆரம்பித்து 'பிலோமினா' என்று முடித்தேன். அவரும் 'பிலோமினாவுக்கு' என்று ஆரம்பித்து 'கலியமூர்த்தி' என்று முடித்தார். நீல நிற விமானக் கடிதத்தாளில் ஓரம்வரை எழுதுவார். அவருக்கு மின்சாரத் துறையில் எழுத்தர் வேலை கிடைத்தது, அரசலாற்றில் வெள்ளம் வந்து ஒரு வாரம் ஊரே இருட்டாகக் கிடந்தது, படித்த கதை, பிடிக்காத கதை, ஏன் பிடிக்கவில்லை என்பது. நான் பனியைப் பற்றி எழுதினால், 'பனி என்று எழுதாதீர்கள், எங்கள் ஊர் மார்கழிப் பனிதான் ஞாபகம் வருகிறது, வேறு சொல் கண்டுபிடியுங்கள்' என்று சண்டைக்கு வருவார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னோடு தமிழில் சண்டை போட அவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் நகராட்சியில் சேர்ந்த புதிதில் அந்தக் கடிதங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிரிப்பேன். மொனிக் ஒரு நாள் யாரிடமிருந்து என்று கேட்டாள். பெருமையாக "மொன் அமி" என்றேன். என் நண்பர் என்று பொருள், அகராதியில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். மொனிக் கண்ணடித்தாள். மறுநாள் ஒரு குட்டி வாசனைப் புட்டியைக் கொண்டுவந்து, அடுத்த கடிதத்தில் இரண்டு சொட்டு தெளித்து அனுப்பு என்றாள். பெண் ஒருத்தி 'மொன் அமி' என்றால் இங்கே காதலன் என்று எடுத்துக்கொள்வார்கள், 'ஓர் அமி' என்று சொல்லியிருந்தால்தான் நண்பர் என்று அப்புறம் தெரிந்தது. திருத்திச் சொன்னேன். அவள் நம்பவில்லை. வாசனைப் புட்டி இன்னும் திறக்காமல் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை இங்கேயே வேலையில் இருந்தார், குடும்பம் புதுச்சேரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குளிர் ஒத்துக்கொள்ளாமல் அவர்கள் அதற்குள் காரைக்காலுக்கே திரும்பியிருந்தார்கள். அதனால் கல்யாணமும் அங்கேதான். சகோதரி என்று எழுதிய அத்தனை பேருக்கும் பத்திரிகை அனுப்பினோம். அவர்களில் இரண்டு பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். நூருன்னிசா சிங்கப்பூரில் இருந்தாள். கலியமூர்த்தி முதல் நாள் மாலையே வந்து பந்தலுக்கு மின்சார வேலையைக் கவனித்துக்கொண்டார். ஏழு வருஷக் கடிதங்களுக்குப் பிறகு நேரில் பார்க்கிறோம். பந்தற்காலுக்குப் பக்கத்தில் நின்று, பனிக்கு நான் கண்டுபிடித்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக அடித்துப்போட, நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை கூடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று காலையில் ஒரு சிக்கல். எங்கள் வழக்கத்தில் மாதா கோயிலில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்க வேண்டும். பெண்ணின் உடன்பிறந்தவன்தான் அந்தத் தோழன், மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிறவனும் அவனே. அண்ணனுக்கு ராணுவத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக நிற்க வேண்டிய சித்தப்பா பையனுக்கு முதல் நாள் ராத்திரி அம்மை போட்டுவிட்டது. அப்பா கையில் மோதிரத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் உள் அறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை, விளக்குச் சரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த கலியமூர்த்தியைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி யாரு? நேத்துலேருந்து பாக்கறேன். பொண்ணுக்கு என்ன வேணும்?"

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று முறை சொல்லித்தான் பதில் சொல்ல முடியும். நண்பர் என்று சொன்னால் அது பதிலாகாது, இன்னொரு கேள்வியாகும். அப்பா காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அட்டை ஞாபகம் இருந்திருக்க வேண்டும். கூடத்துக்கும் எனக்கும் நடுவே ஓரம் விலகிய ஒரு திரைதான். பூச்சரத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. மனசு மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தது, அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லியா, சொல்ல வேண்டாம் என்றா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"அண்ணன் முறைங்க" என்றார் கலியமூர்த்தி.

"நெத்தியில திருநூறு இருக்கே. நீங்க நம்மள மாதிரி வேதக்காரங்க இல்லையே?"

"இல்லைங்க. கூடப் படிச்சது. சின்னதுலேருந்து தங்கச்சி மாதிரிங்க."

அத்தையின் குரல் உடனே இளகிவிட்டது. "அதை மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? அண்ணன்காரனை வச்சிக்கிட்டா ஆள் தேடறோம்? வேட்டியை மாத்திக்கிட்டு வாங்க, நீங்களே மாப்பிள்ளைத் தோழனா நில்லுங்க" என்றார். பங்குச் சாமியாரைக் கேட்டார்கள். பக்கத்தில் நிற்பதற்கு என்ன, நிற்கட்டும் என்றார். அப்பா தன் கையில் இருந்த மோதிரத்தை நீட்டினார். கலியமூர்த்தி வாங்கவில்லை. "அண்ணன்னு ஆச்சுன்னா என்னுதைத்தானேங்க போடணும்" என்று தன் விரலில் இருந்த மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினார். வேலை கிடைத்ததும் அவர் அம்மா போட்ட மோதிரம் அது. அட்டையில் எழுத மறுத்ததற்குச் சொன்ன காரணத்தை அவர் மறக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. எழுதிவிட்டால் செய்ய வேண்டும். சொல்லிவிட்டார், செய்தார்.

கோயிலில் என் கணவருக்குப் பக்கத்தில் அவர் நின்றார். படம் இருக்கிறது. தோழன் என்ற சொல் அவருக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது, அதுவரை ஒருமுறைகூடப் பார்த்திராத என் கணவருக்குத் தோழனாக. எல்லோரும் கண்கலங்கினார்கள், எவ்வளவு நல்ல பையன் என்றார்கள். நானும் அழுதேன். எனக்கு அண்ணன் ஒருவன் ஏற்கெனவே இருந்தான். நண்பர்தான் ஒருவர் இருந்தார், அவரும் அன்று காலையில் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் அடுத்த கடிதம் வந்தது. 'அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசியுடன் எழுதுவது' என்று ஆரம்பித்தது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், குளிரில் வெளியே போக வேண்டாம். குளிர் என்றுதான் எழுதியிருந்தார், பனியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பொங்கலுக்கு யாராவது வருகிறவர்கள் கையில் ஒரு புடவை கொடுத்தனுப்புகிறார், ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அவருடைய கடைசித் தங்கையின் கல்யாணம் முடியாமல் இருந்தபோதும் எனக்குப் புடவை வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. படித்த கதையைப் பற்றி நான் கேட்டு எழுதினால், 'நேரம் இல்லை அம்மா' என்று பதில் வருகிறது. தங்கையோடு யாராவது சொல்லுக்காகச் சண்டை போடுவார்களா?

மொனிக் பழைய ஞாபகத்தில், "உன் அமி எப்படி இருக்கிறார்?" என்று ஒருநாள் கேட்டாள். "இப்போது அவர் என் அண்ணன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் நாட்டில் நண்பர்களுக்குப் பதவி உயர்வெல்லாம் கொடுப்பீர்களா, அருமையான வழக்கம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் நன்றி சொன்னேன். சில விஷயங்களை விளக்க இரண்டு மொழி தெரிந்தால் போதுவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, மொனிக்கை வழியனுப்பும் விருந்துக்கு முன்பு உறையைத் திறந்தேன். சக ஊழியர் என்று எழுதலாம், அது குறைவு. சகோதரி என்று எழுதினால் இங்கே வேடிக்கையாக இருக்கும், எழுதிவிட்டால் அவளுடைய வயதான தாயாருக்கும் சேர்த்து நான் ஏதாவது செய்ய வேண்டும். அமி என்று எழுதலாம், இந்த ஊரில் அதற்குத் தடையில்லை. ஆனால் அந்தச் சொல் என் கையில் வரவில்லை, என்ன செய்ய. எல்லோருடைய வாசகங்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே 'பிலோமினா' என்று தமிழில் எழுதினேன். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. ஊதிக் காயவைத்தேன்.

கேக் வெட்டி, கோப்பைகளைத் தட்டிக்கொண்ட பிறகு மொனிக் அட்டையை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. என் இடத்தில் நின்றாள்.

"அழகாக இருக்கிறது. உங்கள் எழுத்தா? என்ன எழுதியிருக்கிறாய்?"

"என் பெயர்."

"பெயர் மட்டுமா?"

"பெயர் மட்டும்தான்."

நாலு நாள் வைத்திருந்து பெயரா எழுதினாய் என்று பிரிவுத் தலைவி கேட்க, எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மொனிக்கும் சிரித்தாள், ஆனால் அவள் முகம் லேசாக வாடியதைப் பார்த்தேன். அந்த வெறும் பெயரின் பொருளை அவளுக்குப் படித்துக் காட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம், காரைக்காலில், மின்சாரத் துறை அலுவலகத்தில். ஆனால் அவர் இப்போது என் அண்ணன்.

வீட்டுக்கு வந்தபோது தபால் பெட்டியில் நீலக் கடிதம் கிடந்தது. அன்புத் தங்கைக்கு என்றுதான் ஆரம்பித்திருக்கும். பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, மொனிக் பின்னிக் கொடுத்த கையுறைகளைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.